பார்சன்ஸ், கார்ஃபிங்கல், ஒரு வரிசை: இரண்டும் ஒன்றையே சொல்வதுபோல் இருக்கிறதே?

நள்ளிரவு நோட்டு

சமூகவியல் முதுகலை முதலாண்டு மாணவன். வகுப்புக் குறிப்பிலிருந்து இரண்டு கோட்பாடுகளை எடுத்து, இரண்டையும் ஒரே அன்றாட உதாரணத்தில் பொருத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்தது டால்காட் பார்சன்ஸின் செயல்பாட்டுவாதம், ஹெரால்ட் கார்ஃபிங்கலின் எத்னோமெத்தடாலஜி. உதாரணம், வரிசையில் நிற்பது.

என் நோட்டில் பார்சன்ஸ் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: சமூக ஒழுங்கு எப்படிச் சாத்தியம்? பொதுவான மதிப்புகள், அவற்றிலிருந்து நெறிகள், சிறுவயதிலேயே அவை மனதுக்குள் இறங்கிவிடுகின்றன, மீறினால் கண்டிப்பு. கார்ஃபிங்கல் பக்கத்தில்: ஒழுங்கு அந்தந்த இடத்தில், அங்கே இருப்பவர்களால் செய்யப்படுவது; நெறியைக் காரணமாகக் காட்டி நிறுத்திவிடக் கூடாது, நெறி எப்படிப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

முதல் வரைவை இப்படி எழுதினேன். “பார்சன்ஸ் பார்வையில் வரிசை என்பது எல்லோரும் ஏற்ற நெறியால் ஒழுங்காக நடக்கிறது. கார்ஃபிங்கல் பார்வையில் மக்கள் சேர்ந்து வரிசையின் ஒழுங்கை உருவாக்குகிறார்கள்.” ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: “ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறாய்.” எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வித்தியாசம் எங்கே?

சராசரி விலகல்

வரிசைக்கு அருமையான கோட்பாடு ஏற்கெனவே இருக்கிறதே. ஆட்கள் வரும் விகிதம், ஒருவருக்குச் சேவை செய்ய ஆகும் நேரம் இரண்டும் தெரிந்தால் சராசரிக் காத்திருப்பைக் கணக்குப் போட்டுவிடலாம். 1909-லேயே டென்மார்க்கின் எர்லாங் தொலைபேசி இணைப்பகத்துக்காக ஆரம்பித்து வைத்தது. ஒரு கவுன்டருக்குப் பதில் இரண்டு வைத்தால் எவ்வளவு குறையும் என்றுகூடக் காட்டலாம். வேண்டுமானால் சூத்திரம் போடுகிறேன்.

நள்ளிரவு நோட்டு

நன்றி, ஆனால் கேள்வி அதுவல்ல. எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது இல்லை. ஏன், எப்படி நிற்கிறார்கள் என்பது.

சராசரி விலகல்

ஓ, அந்தச் சமூகவியலா. சரி, படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

தேர்வுக்குத் தயார்

இது சுலபம். பார்சன்ஸ் பெரும்பரப்பு, கார்ஃபிங்கல் நுண்பரப்பு. ஒருவர் சமூகத்தை உயரத்திலிருந்து பார்க்கிறார், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பார்சன்ஸுக்கு வரிசை எதற்குப் பயன்படுகிறது என்று எழுதுங்கள் (சண்டை வராமல் பங்கிட). கார்ஃபிங்கலுக்கு, விதி என்று எதுவுமே கிடையாது, எல்லாம் அந்த நேரத்துப் பேச்சுவார்த்தைதான் என்று எழுதுங்கள். நான் போன செமஸ்டரில் இப்படித்தான் எழுதினேன், நல்ல மதிப்பெண் வந்தது.

பழைய கரும்பலகை

இதே பாடத்தைப் பல வருடம் எடுத்தவன் என்ற முறையில் இரண்டு திருத்தம் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் வந்தது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெரிது, சிறிது என்ற பிரிப்பு இங்கே உதவாது. பார்சன்ஸ் 1937-இல் எழுதிய முதல் பெரிய நூலே தனிமனிதனின் செயலை எடுத்து ஆராய்கிறது: ஒரு ஆள், அவனுக்கு ஒரு நோக்கம், அதற்கு வழிகள், அந்த வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கட்டுப்படுத்தும் நெறி. அது வரிசையில் நிற்கும் ஒரே ஒரு ஆளுக்கும் பொருந்தும். கார்ஃபிங்கல் அவரிடமே ஹார்வர்டில் முனைவர் பட்டம் (1952) பெற்றவர். ஒழுங்கு எப்படிச் சாத்தியம் என்ற அதே கேள்வியைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆக, இரண்டு பேரும் பார்க்கும் உயரம் ஒன்றுதான். ஒழுங்கு எங்கே குடியிருக்கிறது என்பதில்தான் சண்டை. பார்சன்ஸுக்கு அது வரிசைக்கு வருவதற்கு முன்பே ஆளின் மனதுக்குள் இருக்கிறது. கார்ஃபிங்கலுக்கு அது அந்த இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி, நிமிடத்துக்கு நிமிடம் செய்யப்படுகிறது.

அடுத்து, கார்ஃபிங்கல் விதி இல்லை என்று சொல்லவில்லை. எந்த விதியும் தன்னை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை முழுமையாகச் சொல்லாது என்கிறார். கடைசியில் எப்போதும் ஒரு ‘முதலியன’ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நிரப்புவது அங்கே இருக்கும் ஆட்களின் வேலை.

நோட்டு, உங்கள் தவறு கோட்பாட்டில் இல்லை, உதாரணத்தில். ‘வரிசையில் நிற்பது’ என்பது ஒரு தலைப்பு, உதாரணம் அல்ல. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரிசையை இரண்டு கோட்பாடும் விளக்கிவிடும், அங்கே அவை மோத இடமே இல்லை. ஒரு குறிப்பிட்ட வரிசை, அதில் ஒரு நிமிடம், அதில் ஏதோ ஒன்று தடுமாறிய கணம் வேண்டும். அப்படி ஏதாவது பார்த்தீர்களா?

நள்ளிரவு நோட்டு

ஒரு டிக்கெட் கவுன்டரில் இருபது நிமிடம் ஓரமாக நின்று குறிப்பெடுத்தேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும்.

ஒரு கவுன்டர் திறந்திருந்தது, எட்டுப் பேர் நின்றார்கள். திடீரென்று பக்கத்தில் மூடியிருந்த இரண்டாவது கவுன்டரில் விளக்கு எரிந்தது. ஐந்தாவதாக நின்ற பெண் அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார், அப்படியே நின்றார். தனக்கு முன்னால் இருந்தவர்களைப் பார்த்தார். இரண்டாவதாக நின்றவர் திரும்பி, கையை லேசாக அசைத்து, “போங்க, எனக்கு இங்கேயே வந்துடுச்சு” என்றார். இதற்குள் கடைசியில் நின்ற இளைஞர் நேராகப் போய் புதுக் கவுன்டர் முன்னால் நின்றுவிட்டார். யாரும் திட்டவில்லை. ஆனால் மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் அவரையே பார்த்தார்கள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம், “நீங்க வர்றீங்களா? சாரி, யாரும் வரலைன்னு நெனச்சேன்” என்று ஒதுங்கி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூன்றும் நான்கும் பழைய வரிசையிலேயே இருந்துவிட்டார்கள். மொத்தம் பத்து, பதினைந்து நொடி இருக்கும்.

பழைய கரும்பலகை

அடடா, இதை விட்டுவிட்டா பொதுவாக எழுதினீர்கள்! இதையே எடுங்கள். நான் இரண்டு கோட்பாட்டையும் இதன் மேல் ஓட்டிக் காட்டுகிறேன், நீங்கள் உங்கள் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பார்சன்ஸ். அவரை முட்டாளாக்காமல் எழுதுவது முக்கியம். பல மாணவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். அந்தப் பெண் ஏன் ஓரடியில் நின்றார்? தடுக்க ஆளில்லை, காவலர் இல்லை, போனால் ஐந்து நிமிடம் மிச்சம். சுயநலம் மட்டும்தான் மனிதனை ஓட்டுகிறது என்றால் அவர் போயிருப்பார். போகவில்லை. ‘முதலில் வந்தவர் முதலில்’ என்பது அவருக்கு வெளியிலிருந்து விதிக்கப்பட்ட சட்டமாக இல்லாமல் அவரது விருப்பத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பார்சன்ஸ் இந்த இடத்தில் ஃபிராய்டிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்: மீறினால் அடுத்தவர் கோபிப்பதற்கு முன்பே நமக்கே உறுத்தும். அப்புறம் இளைஞர். அவர் பிறழ்ந்தார், இரண்டு பேர் பார்த்த பார்வையே கண்டிப்பாகச் செயல்பட்டது, அவர் ஒதுங்கினார், பழைய சமநிலை திரும்பியது. ஒருவரையொருவர் அறியாத எட்டுப் பேரிடம் ஒரே எதிர்பார்ப்பு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு இது உண்மையான பதில். லேசில் தள்ளிவிட முடியாது.

இனி கார்ஃபிங்கல். அவர் கேட்பது: ‘முதலில் வந்தவர் முதலில்’ என்றால் விளக்கு எரிந்த அந்த நொடியில் யார் முதலாவது? பழைய வரிசையில் இரண்டாவதாக நிற்பவரா? ஆனால் அவருடைய முறை இங்கேயே வந்துவிட்டது. மூன்றாவது ஆளா? புதுக் கவுன்டரில் போய் முதலில் நிற்பவரா? இப்போது இருப்பது ஒரு வரிசையா, இரண்டா? விதி இதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்தப் பெண்ணின் ஓரடியும் பார்வையும் ஒரு கேள்வி. இரண்டாவது ஆளின் கையசைவு ஒரு பதில், அதுவும் தன்னைப் பற்றிய பதில் மட்டும்தான். இளைஞரின் “யாரும் வரலைன்னு நெனச்சேன்” என்பது வெறும் மன்னிப்பு இல்லை. தான் செய்தது எந்த மாதிரிச் செயல் என்று மற்றவர்களுக்கு விளக்கிக் காட்டுகிறார்: நான் புகுந்தவன் அல்ல, காலியான இடத்தில் நின்றவன். மூன்றும் நான்கும் நகராமல் இருந்ததன் மூலம் அதை ஏற்றுக்கொண்டார்கள். பதினைந்து நொடி கழித்து யார் பார்த்தாலும் அங்கே இரண்டு ஒழுங்கான வரிசைகள். அவற்றைச் செய்தது அந்தப் பதினைந்து நொடி.

இரண்டும் மோதும் இடம் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: அந்த இளைஞர் வரிசையை மீறினாரா? பார்சன்ஸின் விளக்கம் ஓட வேண்டுமானால் ‘ஆம்’ என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். மீறல் இருந்தால்தான் கண்டிப்பு, கண்டிப்பு இருந்தால்தான் சமநிலை. கார்ஃபிங்கல், அவர் நடந்த நேரத்தில் அது இன்னும் முடிவாகவில்லை என்பார். மீறலா இல்லையா என்பது அதற்கு அடுத்த சில நொடிகளில் அங்கே தீர்மானமானது. உங்கள் கட்டுரை இந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கட்டும்.

சும்மா வந்தேன்

எனக்குச் சமூகவியல் தெரியாது, ஆனால் இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். திரையில் எண் வரும், அதன்படி போக வேண்டும். அரைமணி நேரத்தில் திரை 41-லேயே நின்றுவிட்டது. மருத்துவர் அறைக் கதவு மட்டும் திறந்து மூடுகிறது. ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை, எல்லோரும் திரையையே பார்த்தோம். பிறகு ஒரு பெரியவர் எழுந்து, “இப்ப உள்ள போனது எத்தன?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. “என்கிட்ட 44”, “நான் 43”, “42 யாரு?” என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடத்தில் ஆளாளுக்கு இடம் மாறிக் கதவை ஒட்டிய நாற்காலிகளில் எண் வாரியாக உட்கார்ந்துவிட்டோம். யாரும் சொல்லவில்லை அப்படி உட்காரச் சொல்லி. 42 மட்டும் அப்போது வரவே இல்லை. அரைமணி கழித்துக் கழிவறையிலிருந்தோ எங்கிருந்தோ வந்து பெரிய சண்டை. திரையைச் சரிசெய்ய யாரும் வராதது பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது வேறு கதை.

பழைய கரும்பலகை

வேறு கதை இல்லை, இதே கதைதான். நோட்டு, இதைக் கவனியுங்கள். வரிசை எதற்குப் பயன்படுகிறது என்று மட்டும் எழுதினால் டோக்கனும் அதே வேலையைச் செய்கிறது. ஒரே தேவையை வெவ்வேறு ஏற்பாடுகள் நிறைவேற்றலாம் என்பதை சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1949-லேயே சுட்டிக்காட்டிவிட்டார். ஆகவே ‘பயன் இருக்கிறது, அதனால் வரிசை இருக்கிறது’ என்று எழுதினால் விளைவையே காரணமாக்கிவிடுகிறோம். செயல்பாட்டுவாதப் பதில்களில் அடிக்கடி விழும் ஓட்டை இது.

திரை நின்ற பிறகு நடந்ததுதான் கார்ஃபிங்கலுக்கு விருந்து. எந்திரம் செய்துகொண்டிருந்த வேலை மனிதர்கள் கைக்கு வந்ததும், அந்த வேலை எவ்வளவு என்று தெரிந்துவிட்டது: கேட்பது, எண் சொல்வது, நாற்காலியையே எண்ணாக மாற்றுவது. அவர் தன் மாணவர்களைச் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர் போல நடந்துகொள்ளச் சொன்ன சோதனையும் இதற்குத்தான்: வழக்கத்தை உடைத்தால் அதைத் தாங்கி நின்ற வேலை வெளியே தெரியும். 42-க்கு வந்த சண்டையும் அதுதான். போய்விட்டு வந்தால் இடம் இருக்குமா, போய்விடுமா? விதியின் ‘முதலியன’ பகுதி.

எதிர்க்காற்று

பார்சன்ஸ், கார்ஃபிங்கல் இரண்டு பேருமே ஒன்றைப் பார்க்கவில்லை. அந்த மருத்துவமனையில் வரிசையிலேயே உட்காராமல் நேராக உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? யாரைக் காக்க வைக்கலாம், யாரைக் காக்க வைக்கக் கூடாது என்பது அதிகாரம். சமூகவியலாளர் பேரி ஷ்வார்ட்ஸ் 1974-இல் இதைத்தான் எழுதினார்: காத்திருப்பு சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை, மேலே இருப்பவரின் நேரத்துக்கு விலை அதிகம். பார்சன்ஸ் ‘பொதுவான மதிப்பு’ என்கிறார், கார்ஃபிங்கல் ‘அங்கிருப்பவர்கள்’ என்கிறார். அங்கே இல்லாமலே முந்திக்கொண்டவர் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

பழைய கரும்பலகை

ஏற்றுக்கொள்கிறேன், முழுமையாக. ஒரு கவுன்டருக்குப் பதில் மூன்று ஏன் இல்லை என்பதையும் கார்ஃபிங்கலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மாணவருக்கு இரண்டு கோட்பாடுதான் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவதை உள்ளே இழுத்தால் மூன்றும் மேலோட்டமாகிவிடும். கடைசியில் வரம்பு என்று ஒரு பத்தியில் எழுதலாம்.

தேர்வுக்குத் தயார்

சரி, பெரிது சிறிது என்றது தவறு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எனக்கு ஒரு இடறல். அந்த இளைஞர் கேட்டது “நீங்க வர்றீங்களா?”. ஏன் அதைக் கேட்டார்? ‘உயரமானவர் முதலில்’ என்றோ ‘சத்தம் போடுபவர் முதலில்’ என்றோ யாரும் பேசவில்லையே. மருத்துவமனையிலும் எண் வரிசையைத்தானே தேடினார்கள். எல்லோரும் ஒரே திசையில் பேசுகிறார்கள் என்றால் நெறி ஏற்கெனவே அவர்களுக்குள் இருந்தது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் பார்சன்ஸ் ஜெயித்துவிட்டார்.

பழைய கரும்பலகை

இந்த இழையில் வந்த நல்ல எதிர்ப்பு இதுதான், இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கார்ஃபிங்கல் பக்கம் இப்படிப் பதில் சொல்லும்: நெறி எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரிந்திருப்பது அவர்களை உந்தித் தள்ளவில்லை, தாங்கள் செய்வதைப் புரியவைக்கும் கருவியாக அதை எடுத்துக் கையாள்கிறார்கள். பார்சன்ஸ் வரையும் மனிதன், பண்பாடு தந்த வழிகளில் மட்டுமே நடக்கும், தானாக எதையும் எடைபோடாத பொம்மையாகிவிடுகிறான் என்பது 1967 நூலில் கார்ஃபிங்கல் வைத்த குற்றச்சாட்டு. ஆனால் அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் திரும்பக் கேட்டால், நான் கொஞ்சம் தடுமாறுவேன்.

ஒரு ஆய்வு மட்டும் சொல்கிறேன், எடைபோட உதவும். ஸ்டான்லி மில்கிராமும் கூட இருந்தவர்களும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆட்களைப் புகுத்திப் பார்த்தார்கள்; 1986-இல் வெளியானது. புகுபவர் மூன்றாவது, நான்காவது ஆட்களுக்கு நடுவில் வந்து, “மன்னிக்கணும், நான் இங்கே நின்னுக்கறேன்” என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி நின்றுகொள்வார். ஒருவர் மட்டும் புகுந்தபோது ஏறக்குறைய பாதி வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. தொட்டோ பிடித்தோ தள்ளியோ எதிர்த்தது மொத்த வரிசைகளில் பத்தில் ஒன்று அளவுதான்.

யார் எதிர்த்தார்கள் என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் புகுந்தவருக்கு நேர் பின்னால் நின்றவர். இழப்பு என்று பார்த்தால் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் ஒரே இழப்பு, ஆளுக்கு ஒரு இடம். சுயநலம் மட்டும் காரணமென்றால் ஆறாவது ஆளும் எட்டாவது ஆளும் சமமாகக் கத்த வேண்டும். மனதில் இறங்கிய நெறி மட்டும் காரணமென்றால் முன்னால் நிற்பவர்களுக்கும் அதே அளவு உறுத்த வேண்டும், அவர்கள் பெரும்பாலும் பேசவில்லை. அப்புறம் ஆய்வு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். புகும் இடத்துக்கு நேர் பின்னால் தங்கள் ஆளையே முன்கூட்டி நிறுத்தி, அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கச் செய்தார்கள். எதிர்ப்பு மளமளவென்று குறைந்துவிட்டது. நேர் பின்னால் நிற்பவர் பேசாவிட்டால், அது மீறலே இல்லை, ஏதோ தெரிந்தவர்களுக்குள் ஏற்பாடு என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். இது கார்ஃபிங்கல் சொல்வதற்கு நெருக்கம்: மீறலா இல்லையா என்பதை அந்த இடமே காட்டுகிறது.

தேர்வுக்குத் தயார்

பார்சன்ஸ் பக்கம் வாதாடும் ஒருவர், ‘நேர் பின்னால் நிற்பவர்’ என்பதே ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்கென்று தனி எதிர்பார்ப்பு, கேட்க வேண்டியது அவர் கடமை என்று சொன்னால்?

பழைய கரும்பலகை

சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஆய்வு முடிவு அவருக்கும் பொருந்திவிடும். ஆனால் விலை இருக்கிறது: ஒவ்வொரு புதுச் சூழலுக்கும் ஒரு புதுப் பாத்திரத்தைப் பிறகு கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மில்கிராம் உளவியல்காரர், இந்தச் சண்டையைத் தீர்க்க அவர் அந்த ஆய்வைச் செய்யவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டுரையில் ‘நிரூபித்தது’ என்று எழுதாதீர்கள்.

நள்ளிரவு நோட்டு

தொடக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன், பாருங்கள்:

“ஒரு டிக்கெட் கவுன்டரில் வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர், புதிதாகத் திறந்த இன்னொரு கவுன்டரின் முன்னால் முதல் ஆளாகப் போய் நின்றார். பத்து நொடி கழித்து ஒதுங்கினார். அவர் நெறியை மீறினார், பார்வைகளால் திருத்தப்பட்டார் என்று பார்சன்ஸைக் கொண்டு விளக்கலாம். அவர் நடந்தபோது அது மீறலா என்பதே முடிவாகவில்லை என்று கார்ஃபிங்கலைக் கொண்டு சொல்லலாம். இரண்டு விளக்கத்துக்கும் அதே பத்து நொடிதான் சான்று. கார்ஃபிங்கலே சரி என்பதை இக்கட்டுரை காட்டும்.”

பழைய கரும்பலகை

கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு பதினைந்து நொடியை வைத்து அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. தவிர, அந்தப் பெண் யாரும் பார்க்காமலே முதலில் தானாக நின்றாரே, அந்த ஓரடியைப் பார்சன்ஸ்தான் நன்றாக விளக்குகிறார். அவர் ஓரடி வைத்து நின்றது முதலில், திரும்பிப் பார்த்தது பிறகு என்பது உங்கள் குறிப்பில் உறுதியாக இருக்கிறதா? அந்த வரிசைமுறை மாறினால் வாதமே மாறும்.

நள்ளிரவு நோட்டு

உறுதியாகச் சொல்ல முடியவில்லை ஐயா. நினைவிலிருந்து பிறகு எழுதியது. நின்றுகொண்டேதான் பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நாளை மறுபடியும் போய் நிற்கிறேன். போன தடவை ஒரு சங்கடம், ஓரமாக நிற்கும்போது இரண்டு மூன்று பேர் வந்து “நீங்க வரிசையில இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கவனிக்க விடவில்லை.

பழைய கரும்பலகை

அதைத் தொந்தரவு என்று நினைத்து விட்டுவிட்டீர்களா! அதையும் எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் நின்றபோது கேட்டார்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், எவ்வளவு விலகியதும் கேட்பதை நிறுத்தினார்கள். வரிசையின் கடைசி ஆள் யார் என்பதை வருகிறவர்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது.

சராசரி விலகல்

அளவு நாடா எடுத்துப் போங்கள். எண் வந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.